டேலி, ஜிஎஸ்டி சான்றிதழ்: நேர்காணலில் பெயரைச் சொல்வதா, செய்த வேலையைச் சொல்வதா?

கணக்கு உதவியாளர் பணிக்கான நேர்காணல்களில் பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "டேலி, ஜிஎஸ்டி சான்றிதழ் பெற்றிருப்பதாக விண்ணப்பத்தில் குறிப்பிட்டுள்ளீர்கள். அதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதே அந்தக் கேள்வி.

விண்ணப்பதாரர்களில் பலர் சான்றிதழில் அச்சிட்டிருப்பதையே திருப்பிச் சொல்கின்றனர். பயிற்சி நிறுவனத்தின் பெயர், பயிற்சியின் கால அளவு, பெற்ற மதிப்பெண், பாடத்திட்டத்தின் தலைப்புகள் என வரிசையாகக் கூறி முடித்துவிடுகின்றனர். ஆனால் இந்த விவரங்கள் அனைத்தும் தேர்வாளரின் மேசையில் உள்ள விண்ணப்பத்திலேயே இருக்கின்றன. அவர் அறிய விரும்புவது, எதிரே அமர்ந்திருப்பவரிடம் நிறுவனத்தின் கணக்கை ஒப்படைக்கலாமா என்பதை மட்டுமே.

அந்தக் கேள்விக்குச் சான்றிதழின் பெயர் விடையாகாது. அந்தச் சான்றிதழுக்குரிய வேலையில் ஒன்றை, தொகையுடனும் முடிவுடனும் எடுத்துச் சொல்வதே விடையாகும். இது எவ்வாறு என்பதை ஜிஎஸ்டி கணக்கில் மாதந்தோறும் நடைபெறும் ஒரு பணியைக் கொண்டு பார்க்கலாம்.

சான்றிதழ் சொல்லாதது என்ன?

டேலி மென்பொருளையும் ஜிஎஸ்டி நடைமுறையையும் கற்பிக்கும் பயிற்சி நிறுவனங்கள் நாடு முழுவதும் சிறு நகரங்கள் வரை உள்ளன. சில நிறுவனங்களில் மாணவர்கள் கணினியில் நூற்றுக்கணக்கான பதிவுகளைச் செய்து பழகுகின்றனர். சிலவற்றில் குறிப்பேட்டைப் படித்து, கொள்குறி வினாத்தாளுக்கு விடையளித்தாலே போதும். இரண்டு இடங்களிலும் வழங்கப்படும் சான்றிதழ்களின் தலைப்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். எனவே, தலைப்பை மட்டும் கேட்டு, எந்த வகைப் பயிற்சி என்பதைத் தேர்வாளரால் பிரித்தறிய முடியாது.

சான்றிதழ் எந்த ஆண்டில் பெறப்பட்டது என்பதும் முக்கியமானது. 2023-இல் ஜிஎஸ்டி பயிற்சி முடித்தவர் 5, 12, 18, 28 சதவீதம் என நான்கு முதன்மை வரி விகிதங்களைக் கற்றிருப்பார். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்களும் சேவைகளும் 5, 18 ஆகிய இரு விகிதங்களுக்குள் கொண்டுவரப்பட்டன. குறிப்பிட்ட சில பொருள்களுக்கு 40 சதவீத விகிதம் வந்தது. அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், விற்பனையாளர் பதிவேற்றிய பில்களை ஏற்கவோ, நிராகரிக்கவோ, நிலுவையில் வைக்கவோ வாங்குபவருக்கு வழிசெய்யும் பில் மேலாண்மை வசதி ஜிஎஸ்டி வலைதளத்தில் அறிமுகமானது. 2023-இல் அச்சிடப்பட்ட சான்றிதழில் இவை எதுவும் இருக்க வாய்ப்பில்லை. விண்ணப்பதாரர் இவற்றை அறிந்திருக்கிறாரா என்பது அவர் கூறும் எடுத்துக்காட்டிலிருந்தே தெரியவரும்.

அலுவலகத்தில் நடப்பது என்ன?

நல்ல எடுத்துக்காட்டு எதுவென அறிய, அந்த அலுவலகத்தின் மாத வேலையைப் புரிந்துகொள்வது அவசியம். ஒரு நிறுவனம் பொருள் வாங்கும்போது செலுத்தும் ஜிஎஸ்டியை, தான் விற்கும்போது செலுத்த வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். இதுவே உள்ளீட்டு வரி வரவு எனப்படுகிறது. ஆனால், பில் கையில் இருந்தால் மட்டும் போதாது. பொருளை விற்றவர் அந்த பில்லைத் தமது விற்பனை அறிக்கையில் காட்டியிருக்க வேண்டும். அது வாங்கியவரின் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் இடம்பெற்றிருக்க வேண்டும். இந்த நிபந்தனை 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.

மாதந்தோறும் அறிக்கை அளிக்கும் விற்பனையாளர், முந்தைய மாத விற்பனையை 11-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கை உருவாகிறது. மாதாந்திர அறிக்கை அளிக்கும் நிறுவனம் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தைத் தாக்கல் செய்து வரி செலுத்த 20-ஆம் தேதி கடைசி நாள். ஆக, 14-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் இடைப்பட்ட நாள்களில், டேலியில் பதிவு செய்யப்பட்ட கொள்முதல் பில்களையும் 2பி அறிக்கையில் உள்ள பில்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு முடிக்க வேண்டும். கணக்கு உதவியாளரை நியமிக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த வேலையை மனதில் கொண்டே கேள்வி கேட்கின்றன.

இதில் தவறு நேர்ந்தால் அதற்கு விலை உண்டு. தகுதியற்ற வரி வரவை எடுத்துப் பயன்படுத்தினால், அந்தத் தொகையைத் திரும்பச் செலுத்துவதுடன் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் செலுத்த நேரிடும். மாறாக, தகுதியுள்ள வரவை எடுக்கத் தவறினால், நிறுவனம் தன் கையிருப்புப் பணத்திலிருந்து கூடுதல் வரி செலுத்த வேண்டியிருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: ரூ.34,200 வித்தியாசம்

விளக்கத்துக்காகப் பின்வரும் சூழலை எடுத்துக்கொள்வோம். புணேயில் இயந்திர உதிரிபாகங்களை விற்கும் ஒரு சிறு நிறுவனத்தில் பத்து மாதங்கள் பணியாற்றிய வணிகவியல் பட்டதாரிப் பெண் ஒருவர், வேறொரு நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் பணிக்கு நேர்காணலுக்குச் செல்கிறார். டேலி, ஜிஎஸ்டி சான்றிதழ் அவரிடம் உள்ளது.

முந்தைய பணியில், மே மாதக் கணக்கை ஜூன் 14-ஆம் தேதிக்குப் பின்னர் அவர் ஒப்பிட்டபோது, டேலியின் கொள்முதல் பதிவேட்டின்படி உள்ளீட்டு வரி வரவு ரூ.4,86,200 ஆக இருந்தது. ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் ரூ.4,52,000 மட்டுமே இருந்தது. வித்தியாசம் ரூ.34,200.

பில் வாரியாக ஒப்பிட்டுப் பார்த்ததில், மூன்று பில்களே இந்த வித்தியாசத்துக்குக் காரணம் எனத் தெரியவந்தது. முதலாவது, ரூ.1,20,000 மதிப்புள்ள பொருளுக்கு 18 சதவீத வரியாக ரூ.21,600 காட்டும் பில். அந்த விற்பனையாளர் காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை அளிப்பவர். ஆண்டு விற்றுமுதல் ரூ.5 கோடி வரை உள்ளவர்களுக்கு இந்த வாய்ப்பு உண்டு. காலாண்டின் முதல் இரு மாத பில்களை மாதவாரியாகப் பதிவேற்றத் தனி வசதி இருந்தாலும், அது கட்டாயமல்ல. அவர் அதைப் பயன்படுத்தவில்லை. எனவே, ஜூலை 13-ஆம் தேதிக்குள் காலாண்டு அறிக்கையை அவர் தாக்கல் செய்த பிறகே, ஜூன் மாத 2பி அறிக்கையில் அந்த பில் இடம்பெறும்.

இரண்டாவது, ரூ.20,000 மதிப்புள்ள பொருளுக்கு ரூ.3,600 வரி காட்டும் பில். மே 31-ஆம் தேதியிட்ட இந்த பில்லை விற்பனையாளர் தமது ஜூன் மாதக் கணக்கில் சேர்த்துவிட்டார். இதுவும் அடுத்த மாத 2பி அறிக்கையில் வந்துவிடும்.

மூன்றாவது பில்லின் தன்மை வேறு. ரூ.50,000 மதிப்புள்ள பொருளுக்கு ரூ.9,000 வரி காட்டும் அந்த பில், டேலியில் இருமுறை பதிவாகியிருந்தது. மின்னஞ்சலில் வந்த நகலைப் பார்த்து 'எம்/0457' என்ற எண்ணில் ஒருமுறையும், பொருளுடன் வந்த காகித பில்லைப் பார்த்து வெறும் '457' என்ற எண்ணில் மறுமுறையும் பதிவு செய்யப்பட்டிருந்தது. எண்கள் வேறாக இருந்ததால் மென்பொருளுக்கு அவை இரண்டு தனித்தனி பில்களாகவே தெரிந்தன.

இங்கேதான் இந்த எடுத்துக்காட்டின் மையம் உள்ளது. மொத்த வித்தியாசம் ரூ.34,200 என்றாலும், அதில் ரூ.25,200 தாமதமாக வரவிருக்கும் உண்மையான வரவு, எஞ்சிய ரூ.9,000 எப்போதுமே இல்லாத வரவு. முன்னதற்குக் காத்திருந்தால் போதும். பின்னதை உடனே கணக்கிலிருந்து நீக்க வேண்டும். மேலும், இருமுறை பதிவான பில்லால் அந்த விற்பனையாளருக்குச் செலுத்த வேண்டிய தொகையும் வரியுடன் சேர்த்து ரூ.59,000 கூடுதலாகக் காட்டியது. யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால், அந்தத் தொகை இரண்டாவது முறையாகவும் வங்கியிலிருந்து வெளியேறியிருக்கும்.

ஒரே கேள்வி, இரு விடைகள்

இனி நேர்காணலுக்கு வருவோம். சான்றிதழைப் பற்றிக் கேட்டதும் அவர் பின்வருமாறு விடையளிப்பதாகக் கொள்வோம்: "நான் மூன்று மாத டேலி, ஜிஎஸ்டி பயிற்சியை முடித்து, முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றேன் சார். வவுச்சர் பதிவு, ஜிஎஸ்டி அறிக்கைகள், வங்கிக் கணக்கு ஒப்பீடு ஆகிய அனைத்தும் எனக்குத் தெரியும்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால், அதே சான்றிதழைப் பெற்ற வேறு எவரும் இதே சொற்களைச் சொல்லலாம். 'அனைத்தும் தெரியும்' என்ற சொல்லுக்குப் பின்னர் தேர்வாளருக்குக் கிடைப்பது எதுவும் இல்லை. எனவே, அவர் பாடநூல் கேள்விகளுக்குத் திரும்பிவிடுவார். விண்ணப்பதாரரின் பத்து மாத அனுபவம் பேச்சில் இடம்பெறாமலேயே நேர்காணல் முடிந்துவிடக்கூடும்.

இரண்டாவது விடை இவ்வாறு அமையலாம்: "பயிற்சியில் கற்றதில் நான் அதிகம் பயன்படுத்தியது 2பி ஒப்பீடு சார். சென்ற ஆண்டு மே மாதக் கணக்கில், எங்கள் கொள்முதல் பதிவேட்டுக்கும் 2பி அறிக்கைக்கும் சுமார் ரூ.34,000 வித்தியாசம் வந்தது. பில் வாரியாகப் பார்த்தபோது மூன்று பில்கள் சிக்கின. இரண்டு, விற்பனையாளர்கள் அடுத்த மாதம் காட்டவிருந்தவை. அவர்களைத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்துகொண்டு, அந்த வரவை எடுக்காமல் நிலுவைப் பட்டியலில் வைத்தேன். மூன்றாவது பில்லை இருமுறை பதிவு செய்திருந்தோம். அந்த இரண்டாவது பதிவைச் செய்தது நான்தான். கணக்காளரிடம் தெரிவித்து அதை நீக்கினேன். இல்லையென்றால் ரூ.59,000 இருமுறை செலுத்தப்பட்டிருக்கும். அதன் பிறகு, பில் எண்ணை மட்டும் நம்பாமல் விற்பனையாளர் பெயர், தேதி, தொகை ஆகிய மூன்றையும் சேர்த்துச் சரிபார்க்கிறேன்."

இதைச் சொல்லி முடிக்க ஒன்றரை நிமிடம்கூடத் தேவைப்படாது. ஆனால், இதற்குள் பல திறன்கள் வெளிப்பட்டுவிடுகின்றன. அவருக்கு 2பி அறிக்கை என்றால் என்ன என்பது தெரியும். வித்தியாசத்தைக் காரணங்களாகப் பிரிக்கத் தெரியும். எதற்குக் காத்திருக்க வேண்டும், எதை உடனே திருத்த வேண்டும் என்ற வேறுபாடு தெரியும். தன் தவறை மேலதிகாரியிடம் மறைக்காமல் சொல்வார். இவற்றில் எதையும் அவர் 'எனக்குத் தெரியும்' என்று கூறவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

'நாங்கள்' என்றும் 'நான்' என்றும் அவர் பிரித்துச் சொல்வதும் முக்கியமானது. பதிவேடு நிறுவனத்துடையது, ஒப்பிட்டதும் தொலைபேசியில் பேசியதும் அவர், நீக்குவதற்கு ஒப்புதல் அளித்தது கணக்காளர். முழுவதையும் 'நாங்கள் செய்தோம்' என்றால் விண்ணப்பதாரரின் பங்கு தெரியாது. முழுவதையும் 'நான் செய்தேன்' என்றால், பத்து மாத அனுபவம் உள்ளவருக்கு அத்தனை அதிகாரம் இருந்ததா என்ற ஐயம் தேர்வாளருக்கு எழும்.

தொடர் கேள்விகளே உண்மையான சோதனை

இத்தகைய எடுத்துக்காட்டை யாரிடமிருந்தேனும் கேட்டு மனப்பாடம் செய்துவிட முடியாதா என்ற கேள்வி எழலாம். முடியும். ஆனால், அது அடுத்த கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். உண்மையில் அந்த வேலையைச் செய்தவரிடம் சொல்லாமல் விட்ட விவரங்கள் மேலும் இருக்கும். மனப்பாடம் செய்தவரிடம் சொன்னது மட்டுமே இருக்கும்.

தேர்வாளர் இவ்வாறு கேட்கலாம்: "பதிவேட்டின் மொத்தமும் 2பி மொத்தமும் ஒன்றாக இருந்துவிட்டால், கணக்கு சரி என்று முடித்துவிடுவீர்களா?" மேலோட்டமாகக் கற்றவர் 'ஆம்' என்று கூறிவிட வாய்ப்புண்டு. வேலை செய்தவர், மொத்தம் பொருந்தினாலும் பில்கள் பொருந்தாமல் இருக்கலாம் என்பார். டேலியில் ரூ.5,400 வரியுள்ள ஒரு பில் விடுபட்டு, அதே தொகைக்கு வேறொரு பில் இருமுறை பதிவாகியிருந்தால், மொத்தத்தில் வித்தியாசம் தெரியாது. எனவே, ஒப்பீடு எப்போதும் பில் வாரியாகவே நடைபெற வேண்டும்.

அடுத்ததாக, "2பி அறிக்கையில் உள்ள அனைத்தையும் வரவாக எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கலாம். இதற்கும் விடை 'இல்லை' என்பதே. ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு சில செலவுகளுக்கான வரவைத் தடை செய்கிறது. உதாரணமாக, உதிரிபாகம் விற்கும் நிறுவனம் தனது விருந்தினருக்கு உணவகத்திலிருந்து உணவு வாங்கி, அதற்கான பில் 2பி அறிக்கையில் இடம்பெற்றிருந்தாலும், பொதுவாக அந்த வரவை எடுக்க இயலாது. பொருள் வந்து சேர்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். பொருள் கைக்கு வராத நிலையில் வரவு எடுக்கக் கூடாது.

மூன்றாவது கேள்வி சற்றுக் கடினமானது. "விற்பனையாளர் தொடர்ந்து அறிக்கை தாக்கல் செய்யாவிட்டால் என்ன செய்வீர்கள்?" இதற்கு, அந்த பில்லுக்கான வரவை எடுக்காமல் நிலுவைப் பட்டியலில் தொடர்வது, விற்பனையாளருக்கு எழுத்து மூலம் நினைவூட்டுவது, எத்தனை மாதங்களாக நிலுவையில் உள்ளது என்பதைக் கணக்காளரிடம் தெரிவிப்பது ஆகியவை உதவியாளரின் எல்லைக்குள் வருபவை. அந்த விற்பனையாளருக்கான பணத்தை நிறுத்தி வைப்பதா, அவரிடமிருந்து வாங்குவதையே கைவிடுவதா என்பன நிர்வாகத்தின் முடிவுகள். தன் எல்லை எதுவரை என்பதைத் தெளிவாகச் சொல்வதும் விடையின் ஒரு பகுதியே.

இருமுறை பதிவை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால், செய்முறையைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கொள்முதல் பதிவேட்டை எக்ஸெல் தாளுக்கு மாற்றி, விற்பனையாளர் பெயர் B பத்தியிலும், பில் தேதி C பத்தியிலும், தொகை D பத்தியிலும் இருப்பதாகக் கொண்டால், பின்வரும் சூத்திரம் போதும்:

```
=COUNTIFS(B:B,B2,C:C,C2,D:D,D2)
```

விடை 1-க்கு மேல் வரும் வரிகளை மட்டும் எடுத்து, மூல பில்லுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் ஒரே தொகைக்கு இரண்டு உண்மையான பில்கள் இருக்கவும் வாய்ப்புண்டு என்பதால், மூல பில்லைப் பார்க்காமல் எதையும் நீக்கக் கூடாது. இந்த எச்சரிக்கையைச் சேர்த்துச் சொல்பவர் அந்த வேலையைச் செய்தவர் என்பதைத் தேர்வாளர் எளிதில் புரிந்துகொள்வார்.

பணி அனுபவம் இல்லாதவர்கள் என்ன செய்யலாம்?

கல்லூரிப் படிப்பை முடித்துப் பயிற்சிச் சான்றிதழுடன் முதல்முறை நேர்காணலுக்குச் செல்பவரிடம் இத்தகைய அலுவலக எடுத்துக்காட்டு இருக்காது. அவர் அதைக் கற்பனையாக உருவாக்கத் தேவையில்லை, உருவாக்கவும் கூடாது. முன்பு பணியாற்றியதாகக் கூறும் இடத்தைத் தொலைபேசியில் விசாரித்தாலே பொய் வெளிப்பட்டுவிடும்.

அவருக்கு உள்ள வழி, பயிற்சித் தரவை வேலையாக மாற்றுவது. டேலியில் ஒரு மாதிரி நிறுவனத்தை உருவாக்கி, நாற்பது, ஐம்பது கொள்முதல் பில்களைப் பதிவு செய்யலாம். அதே பில்களின் பட்டியலை எக்ஸெலில் 2பி அறிக்கை போலத் தயாரித்து, அதில் சில பில்களை நீக்கி, ஒன்றிரண்டின் தொகையை மாற்றி அமைக்க நண்பர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பின்னர், எந்தெந்த பில்கள் மாற்றப்பட்டன என்பதை ஒப்பீட்டின் மூலம் தாமே கண்டுபிடிக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆனது, எதை முதலில் தவறவிட்டார் என்பதைக் குறித்து வைத்துக்கொள்வது பின்னர் உதவும்.

நேர்காணலில் அதை உள்ளபடியே சொல்லலாம்: "எனக்கு அலுவலக அனுபவம் இல்லை மேடம். ஆனால், ஐம்பது பில்களைக் கொண்ட மாதிரிக் கணக்கில் இந்த ஒப்பீட்டைச் செய்து பார்த்தேன். மாற்றப்பட்ட ஆறு பில்களில் ஐந்தைக் கண்டுபிடித்தேன். ஆறாவதில் தொகை சரியாக இருந்தது. விற்பனையாளரின் ஜிஎஸ்டி எண் மட்டுமே மாறியிருந்தது. நான் எண்ணைப் பார்க்காமல் பெயரை மட்டும் ஒப்பிட்டதே அதற்குக் காரணம்."

மாதிரிக் கணக்கு என்று சொல்லிவிடுவதால் இந்த விடையின் மதிப்பு குறைந்துவிடுவதில்லை. ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகளும் இலக்கங்களும் உள்ளன. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கின்றன. மகாராஷ்டிரத்துக்கு 27, குஜராத்துக்கு 24. அடுத்த பத்து, நிறுவனத்தின் பான் எண். ஒரே நிறுவனம் இரு மாநிலங்களில் பதிவு பெற்றிருந்தால் பெயரும் பான் எண்ணும் ஒன்றாகவே இருக்கும். ஜிஎஸ்டி எண் மட்டும் மாறும். பெயரை மட்டும் ஒப்பிட்டால் இந்தத் தவறு தெரியாது. அதைத் தாமே தவறு செய்து கற்றவர், மீண்டும் அதே தவறைச் செய்ய வாய்ப்புக் குறைவு.

எடுத்துக்காட்டை எங்கிருந்து தேடுவது?

எந்த வேலையைச் சொல்வது என்று தெரியாமல் தடுமாறுபவர்கள், சான்றிதழின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைப் பார்க்கலாம். 2013 டிசம்பர் 27 அன்று அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் கீழ் வரும் பயிற்சிகளுக்குத் தகுதித் தொகுப்பு என்ற ஆவணம் உள்ளது. அந்தப் பணியில் இருப்பவர் எதையெல்லாம் செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது அதில் சிறு சிறு வரிகளாகப் பட்டியலிடப்பட்டிருக்கும். தனியார் பயிற்சி எனில், பாடக் குறிப்பேட்டின் அத்தியாயத் தலைப்புகளைப் பயன்படுத்தலாம்.

அவற்றில், விண்ணப்பிக்கும் பணியின் அறிவிப்பில் இடம்பெற்றுள்ள வேலைகளுடன் பொருந்தும் மூன்று வரிகளை மட்டும் தேர்ந்தெடுப்பது போதுமானது. ஒவ்வொன்றின் எதிரிலும், எப்போது செய்தது, எவ்வளவு தொகை அல்லது எத்தனை பில்கள், எங்கே சிக்கல் வந்தது, எப்படி முடிந்தது ஆகிய நான்கையும் எழுத வேண்டும். ஒரு வரியின் எதிரில் எதையும் எழுத முடியவில்லை என்றால், அந்தப் பகுதியைப் படித்திருக்கிறாரே தவிர, செய்து பார்த்ததில்லை என்று பொருள். நேர்காணலுக்கு முன்பே அதைச் செய்து பார்ப்பது நல்லது. இயலாவிட்டால், கேட்கப்படும்போது 'படித்திருக்கிறேன், செய்ததில்லை' என்று சொல்வதே பாதுகாப்பானது.

சொல்லக் கூடாதவை

எடுத்துக்காட்டு தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக, முந்தைய நிறுவனத்தின் ரகசியங்களை வெளியிடக் கூடாது. விற்பனையாளர்களின் பெயர், கொள்முதல் விலை, ஜிஎஸ்டி எண் ஆகியவற்றைச் சொல்லத் தேவையில்லை. 'சுமார் ரூ.34,000', 'உதிரிபாகம் வழங்கும் ஒருவர்' என்ற அளவே போதும். பழைய நிறுவனத்தின் டேலி கோப்பையோ, 2பி அறிக்கையின் நகலையோ கைப்பேசியில் எடுத்துச் சென்று காட்டுவது பெரும் தவறு. அங்கிருந்து எடுத்து வந்தவர், நாளை இங்கிருந்தும் எடுத்துச் செல்வார் என்றே தேர்வாளர் கருதுவார்.

அதேபோல், முந்தைய அலுவலகத்தின் தவறுகளைப் பட்டியலிடுவதும் பயன் தராது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் இருமுறை பதிவான பில்லுக்கு வேறொருவரைக் காரணமாக்கியிருந்தால், தேர்வாளரின் கவனம் ரூ.59,000 எவ்வாறு காப்பாற்றப்பட்டது என்பதிலிருந்து விலகி, யார் மீது பழி என்பதற்குச் சென்றிருக்கும்.

இவ்வளவுக்கும் பின்னர் சான்றிதழுக்கு என்ன பயன் என்ற கேள்வி எஞ்சுகிறது. விண்ணப்பங்களை முதற்கட்டமாகப் பிரிக்கும்போது, சான்றிதழ் உள்ளவரின் விண்ணப்பம் தனியே எடுத்து வைக்கப்படலாம். நேர்காணல் அறையின் வாசல் வரை அது அழைத்துச் செல்கிறது. உள்ளே அமர்ந்த பிறகு, 14-ஆம் தேதி வரும் அறிக்கையைக் கையில் கொடுத்தால் 20-ஆம் தேதிக்குள் இவர் என்ன செய்வார் என்பதையே தேர்வாளர் தெரிந்துகொள்ள விரும்புகிறார்.